கனல் வார்த்தையிலிருந்து கணக்குள்ள வார்த்தைக்கு

1908 பிப்ரவரியில் தூத்துக்குடியில் மாலைதோறும் கூட்டங்கள் நடந்தன. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். பிப்ரவரி 27 அன்று மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகள் தெளிவாக இருந்தன: கூலி உயர்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது.

சில நாளில் காட்சி மாறியது. மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். நீதிபதி பின்ஹே முன் நடந்த வழக்கில் மேடைப் பேச்சே முதன்மைச் சாட்சியமானது. கூட்டத்தில் இருந்த காவலர்கள் எடுத்த குறிப்புகள் நீதிமன்றத்தில் ஆவணங்களாக நின்றன. 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்து ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன.

வார்த்தையைச் சற்று அடக்கியிருந்தால் வ.உ.சி. தப்பியிருப்பார் என்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் வருமானத்தில் கை வைத்தது, மில் வேலைநிறுத்தமும் வென்றுவிட்டது. அவரை உள்ளே தள்ள அரசுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நிதானமான பேச்சு எந்த அரசிடமிருந்தும் முழுப் பாதுகாப்பு தராது. பேச்சு எழுதித் தருபவர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஆனாலும் அந்த மாதத்திலிருந்து தொழில்முறையாகக் கற்க ஒன்று உண்டு. மில் தொழிலாளர்களின் கோரிக்கை எதிராளிக்கு முன் வைத்ததும் பதில் கேட்கும் வடிவத்தில் இருந்தது. இவ்வளவு கூலி, இந்த நாளில் ஓய்வு என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆகவேண்டும். மேடையில் எழும் சினத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது யாரையும் பதில் சொல்ல வைப்பதில்லை, பேசியவரைத்தான் பதில் சொல்ல வைக்கிறது. பேச்சைத் திருத்துபவரின் வேலை இந்த இரண்டாவது வகை வாக்கியத்தை முதல் வகையாக்குவது.

இன்றைக்கு அதே கரையில் என்ன பேசப்படுகிறது என்பதை எடுத்துக்கொண்டு இந்த வேலையை அடியடியாகச் செய்து பார்க்கலாம். திரேஸ்புரம், தருவைக்குளம், புன்னைக்காயல் என்று தூத்துக்குடிக் கரையெங்கும் பல ஆண்டாகத் தொடரும் சிக்கல், நாட்டுப்படகு மீனவர்களுக்கும் இழுவை மடி போடும் விசைப்படகுகளுக்கும் இடையிலானது. கரையோரம் மடி இழுக்கும்போது நாட்டுப்படகுக்காரர் விரித்த வலை அறுந்துபோகும். இந்தப் பின்னணியில், நாட்டுப்படகுச் சங்கக் கூட்டத்துக்காக ஒரு கட்சிப் பேச்சாளர் எழுதிக்கொண்டதாக ஒரு பத்தியை இந்த அத்தியாயத்துக்கென்றே அமைத்திருக்கிறோம். இது யாரும் பேசியதல்ல. ஆனால் இதுபோல் பலரும் பேசுகிறார்கள்.

“கடல் கொள்ளையர்கள் நம் வயிற்றில் அடிக்கிறான்கள். இனி ஒருவனும் முழுசாகக் கரை திரும்ப மாட்டான். லஞ்சம் தின்ற அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். முத்து விளைந்த கடலை அழித்தவர்கள் இவர்கள்தான். இந்தக் கூட்டத்தையே கரையிலிருந்து துடைத்தெறிவோம். இன்னும் பொறுத்திருந்தால் நாம் மனிதர்களே இல்லை.”

ஆறு வாக்கியம். கைதட்டல் நிச்சயம். ஆனால் மறுநாள் மீன்வளத் துறை அலுவலகத்தில் இந்தப் பேச்சை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது. இதில் தேதி இல்லை, இடம் இல்லை, சட்டம் இல்லை, கோரிக்கையும் இல்லை. திருத்துபவர் முதலில் பேனாவைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, இந்தச் சினத்துக்குக் காரணமான நிகழ்ச்சி என்ன என்று பேச்சாளரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாதம் அங்கேதான் இருக்கிறது. எழுதிய வாக்கியத்தில் அது பெரும்பாலும் இருக்காது.

முதல் வாக்கியத்தைப் பற்றிக் கேட்டால், கரைக்குப் பக்கத்தில் மடி இழுக்கிறார்கள், வலை போய்விட்டது என்று பதில் வரும். எவ்வளவு பக்கத்தில்? இங்கே சட்டம் கைகொடுக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து மூன்று கடல்மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. விசைப்படகு காலை ஐந்து மணிக்குமேல் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எனவே “கொள்ளையர்கள்” என்ற சொல்லின் இடத்தில் இந்த மூன்று கடல்மைல் வந்து உட்கார வேண்டும். வலை அறுந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை யாராவது கைப்பேசியில் பதிந்திருந்தால், படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணை யாராவது குறித்திருந்தால், அதுவும் வாக்கியத்துக்குள் வரலாம். இரண்டும் இல்லையென்றால் தேதியும் அறுந்த வலைகளின் எண்ணிக்கையும் போதும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். விசைப்படகில் போகும் கூலிக்காரர்களும் இதே கரைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான். “கொள்ளையர்கள்” என்றால் பங்குக்கு வேலை செய்யும் அந்த இளைஞருக்கும் சுடும், படகு முதலாளிக்கும் சுடும். வாதமோ மூன்று மைலுக்குள் மடி இழுத்த செயலைப் பற்றியது. ஆளைத் திட்டும் இடத்தில் செயலைச் சொல்லி, அதைச் செய்யச் சொன்னது யார், தடுக்காதது யார் என்று கேட்டால் குறி தப்பாது.

இரண்டாவது வாக்கியம் நேரடி மிரட்டல். இதை மென்மையாக்க வழி கிடையாது, எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் மிரட்டலின் அடியில் ஒரு கருத்து இருக்கிறது: இனியும் இப்படியே நடந்தால் சும்மா இருக்க மாட்டோம். இந்தக் கருத்துக்கு ஒரு கெடுவும் ஒரு அடுத்த படியும் கொடுத்தால் மிரட்டலைவிடக் கனமாகிவிடும். பதினைந்து நாளுக்குள் நடவடிக்கை இல்லையென்றால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போடுவோம் என்று சொல்லும்போது, கேட்கும் அதிகாரி நாட்காட்டியைப் பார்ப்பார். முழுசாகத் திரும்ப மாட்டான் என்று சொன்னால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், பேச்சு முடிவதற்குள் வாதம் திசைமாறிவிடும்.

மூன்றாவது வாக்கியம்தான் திருத்துபவருக்கு அதிக வேலை வைக்கிறது. லஞ்சம் என்ற குற்றச்சாட்டுக்குக் கையில் ஆதாரம் இருக்கிறதா? பெரும்பாலும் இருப்பது சந்தேகம். சந்தேகம் எங்கிருந்து வந்தது? பலமுறை புகார் கொடுத்தும் எந்தப் படகின்மீதும் வழக்கு வரவில்லை என்பதிலிருந்து. அப்படியானால் தெரிந்தது இந்த இரண்டாவது செய்திதான். இதை நிரூபிக்க முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, கடந்த ஓராண்டில் மூன்று கடல்மைலுக்குள் மீன்பிடித்ததாக எத்தனை படகுகள்மீது நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டால் பொதுத் தகவல் அலுவலர் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறும் பேச்சாளருக்கு லஞ்சம் என்ற சொல்லே தேவைப்படாது. பதில் வரவில்லையென்றால் அதுவும் பேச்சுக்கு ஒரு வரி.

இதற்கு இதே ஊரில் வலுவான முன்மாதிரி இருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை எதிர்த்துப் பேசியவர்களில் சிலர் எல்லாரும் விலைபோய்விட்டார்கள் என்று முழங்கினார்கள். அந்த முழக்கத்தை எதிர்தரப்பு ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போகலாம். ஆனால் 2013 ஏப்ரல் 2 அன்று உச்சநீதிமன்றம், சுற்றுச்சூழலுக்குச் செய்த கேட்டுக்காகவும் செல்லத்தக்க இசைவு இல்லாமல் நெடுங்காலம் ஆலையை ஓட்டியதற்காகவும் அந்த நிறுவனம் நூறு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று சொன்னது. இசைவு இல்லாமல் ஆலை ஓடிய அந்தக் காலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்வியில் வசை எதுவும் இல்லை. ஆனால் வாரியத்தின் அதிகாரி எவரும் எளிதாகத் தாண்டிப்போக முடியாத கேள்வி.

நான்காவது வாக்கியத்துக்கு வரலாம். முத்து என்ற சொல் வந்ததும் இந்தக் கரையில் நெஞ்சு நிமிரும், அதனால் பேச்சாளர்கள் அதை விடுவதில்லை. உண்மை என்ன? மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் நடத்தும் அளவுக்குப் பார்களில் சிப்பி சேரவில்லை. இழுவை மடி படுகையைக் கிளறி வளரும் சிப்பியைக் குலைக்கும் என்பது உண்மை. ஆனால் இழுவை மடி வருவதற்கு முந்திய நூற்றாண்டுகளிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து முத்துக்குளிப்பே இல்லாத காலங்கள் இருந்திருக்கின்றன. பார்களில் சிப்பி விளைவது இயற்கையாகவே ஏறி இறங்கும் ஒன்று. எனவே “அழித்தவர்கள் இவர்கள்தான்” என்று சொன்னால் கடல் ஆய்வு படித்த ஒருவர் எழுந்து அந்த ஒரு வரியை உடைப்பார், அதோடு மற்ற ஐந்து வரியும் சேர்ந்து உடையும். காரணத்தை ஒருவர் தலையில் கட்டுவதை விட்டுவிட்டு, தெரிந்த சேதத்தையும் அதற்கான கோரிக்கையையும் வைப்பதே இங்கே திருத்தம்: பார்கள் இருக்கும் இடத்தில் மடி இழுக்கக் கூடாது, மீண்டும் சிப்பி சேர வாய்ப்பாவது கொடுங்கள்.

ஐந்தாவது வாக்கியம் ஒரு கூட்டத்தையே கரையிலிருந்து துடைத்தெறியச் சொல்கிறது. பேச்சாளர் படகு முதலாளிகளை நினைத்திருக்கலாம். கேட்பவர் சாதியாகவோ மதமாகவோ ஊராகவோ எடுத்துக்கொள்வார். பரதவரும் முஸ்லிம்களும் நாடாரும் வேறு பலரும் தலைமுறையாகத் தொழில் செய்யும் கரை இது. இங்கே “கூட்டம்” என்ற சொல்லுக்கு யார் எந்தப் பொருள் கொள்வார் என்பது பேச்சாளர் கையில் இல்லை. சமூகங்களுக்கிடையே பகையை வளர்ப்பதைக் குற்றமாக்கும் பழைய 153ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளும் பிற கட்சிகளின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு விமர்சனம் நிற்க வேண்டும் என்கின்றன. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இந்த வரியை எடுக்க வேண்டியதில்லை. மூன்று மைல் விதியை அமல்படுத்துங்கள் என்பதுதான் கேட்க வந்த கோரிக்கை. ஒரு கூட்டம் கரையை விட்டுப் போவதால் அந்தக் கோரிக்கை நிறைவேறிவிடாது. வாதத்தோடு தொடர்பே இல்லாத வரி என்பதே அதை நீக்கப் போதுமான காரணம்.

கடைசி வாக்கியம் தன் பக்கத்து மக்களையே குத்துகிறது. பொறுத்தவர் மனிதரல்ல என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் இளைஞர் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைப்பார். என்ன செய்வது என்று பேச்சாளர் சொல்லவில்லை, அந்த வெற்றிடம்தான் ஆபத்து. அவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுக்க வேண்டும்: வலை அறுந்த ஒவ்வொருவரும் நாளையே தேதியும் இடமும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்.

இப்போது பத்தியைச் சேர்த்து எழுதலாம்.

“கரையிலிருந்து மூன்று கடல்மைல் நம்முடைய வலைக்கு ஒதுக்கிய கடல். 1983இலேயே சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். அந்த மூன்று மைலுக்குள் இந்த மாதம் விசைப்படகு மடி இழுத்து நம் வலைகளை அறுத்திருக்கிறது. எத்தனை வலை, எந்தத் தேதி, எந்த இடம், எல்லாம் இந்தத் தாளில் இருக்கிறது. புகார் கொடுத்தோம். எத்தனை படகுகள்மீது நடவடிக்கை எடுத்தீர்கள் என்று துறையைக் கேட்டோம், இன்னும் பதில் இல்லை. முத்துப் பார்கள்மீது மடி இழுப்பதையும் இன்றே நிறுத்த வேண்டும். பதினைந்து நாள் கொடுக்கிறோம். அதற்குள் ரோந்துப் படகு இந்தக் கடலுக்கு வர வேண்டும், அறுந்த வலைக்கு இழப்பீடு வர வேண்டும். வரவில்லையென்றால் இந்தத் தாள் மதுரைக்குப் போகும். வலை இழந்த ஒவ்வொருவரும் நாளைக் காலையில் சங்கத்துக்கு வந்து உங்கள் கணக்கை எழுதிக் கொடுங்கள்.”

முதல் வடிவத்தில் இருந்த வாதம் எதுவும் இதில் விழவில்லை. கூடவே கோரிக்கையும் கெடுவும் வந்துவிட்டன. திருத்தம் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் இடத்தில் உட்கார்ந்து இரண்டு வடிவத்துக்கும் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் வடிவத்துக்கு, ‘அவதூறு, மிரட்டல்’ என்று ஒரே அறிக்கையில் பதில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு எண்களோடு வர வேண்டும். திருத்திய பிறகு எதிராளிக்குப் பதில் சொல்வது எளிதாகிவிட்டால் திருத்தம் கெட்டுப்போனது என்று பொருள்.

அப்படிக் கெட்டுப்போவதும் அடிக்கடி நடக்கிறது. கனல் வார்த்தையைக் கண்டு பயந்தவர்கள் எல்லாவற்றையும் அலுவலகக் கடிதமாக்கிவிடுகிறார்கள். “கரையோரப் பகுதியில் சில விரும்பத்தகாத நிகழ்வுகள் ஏற்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது” என்ற வாக்கியத்தில் யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது, எப்போது என்று ஒன்றுமில்லை. “அறுக்கப்பட்டன”, “பாதிக்கப்பட்டுள்ளனர்” என்று வாக்கியங்கள் வரிசையாக முடியத் தொடங்கினால் செய்தவர் பேச்சிலிருந்து மெல்ல நழுவுகிறார் என்று அறியலாம். இது நிதானம் ஆகாது, உண்மையை மறைப்பதுதான்.

கடுமையான சொல்லே சரியான சொல்லாக இருக்கும் இடங்களும் உண்டு. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளிலும், அதற்கு மறுநாளும், தூத்துக்குடியில் காவல் துறை சுட்டதில் பதின்மூன்று பேர் மாண்டார்கள். இதை “அசம்பாவிதத்தில் உயிரிழந்தனர்” என்று எழுதுவது இறந்தவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதே நடந்தது, அதுவே அளவான சொல். அருணா ஜெகதீசன் ஆணையம் காவல் துறையின் வரம்பு மீறலைத் தன் அறிக்கையில் பதிந்தது, 2022இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பேச்சாளர் இங்கே தன் சொந்த அடைமொழி எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஆணையம் பரிந்துரைத்த நடவடிக்கைகளில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று கேட்டால் போதும்.

தமிழில் இன்னொரு இடத்தில் நெருப்பு ஒளிந்திருக்கிறது, வினையின் ஈற்றில். சொல் எதையும் மாற்றாமல் “அமைச்சர் சொன்னார்” என்பதை “சொன்னான்” ஆக்கினால் பேச்சே வசையாகிவிடும். எழுதும்போது மரியாதையாக எழுதிவிட்டு, மேடையில் சூடேறியதும் ஒருமைக்கு வழுக்குபவர்கள் அதிகம். எழுதித் தருபவர் முடிந்தவரை ஆளை எழுவாயாக வைக்காமல் துறையையோ ஆணையையோ எழுவாயாக்கினால் இந்த வழுக்கலுக்கு இடமே இருக்காது: “மீன்வளத் துறை பதில் தரவில்லை”, “2018 மே மாத அரசாணை ஆலையை மூடியது”.

நிதானமாக எழுதினால் மேடையில் எடுபடாது என்று பேச்சாளர்கள் கவலைப்படுவார்கள். நியாயமான கவலைதான். வசைக்குக் கிடைக்கும் கைதட்டல் உடனடியாக வருகிறது. அதற்கு மாற்றாக ஓசையை வேறு இடத்தில் தேட வேண்டும். மேலே உள்ள பத்தியில் “மூன்று மைல்” இருமுறை வருகிறது, “வர வேண்டும்” இருமுறை வருகிறது. திரும்பத் திரும்ப வரும் எண்ணும் தேதியும் கோரிக்கையும் மேடையில் முழக்கமாகவே ஒலிக்கும், கூட்டமும் சேர்ந்து சொல்லும். குட்டை வாக்கியமும் உதவும். “புகார் கொடுத்தோம்” என்பதோடு நிறுத்தி மூச்சு விட்டால், அடுத்த வரிக்காகக் கூட்டம் காத்திருக்கும்.

கைப்பேசியில் வெட்டிப் பரப்பும் காலம் இது. பத்து வாக்கியத்தில் ஒன்பது நிதானமாக இருந்து ஒன்று கனன்றாலும் ஊர் பார்ப்பது அந்த ஒன்றைத்தான். எனவே ஒவ்வொரு வரியையும் தனியே பிடுங்கி, முன்பின் இல்லாமல் படித்துப் பார்க்க வேண்டும். “இந்தத் தாள் மதுரைக்குப் போகும்” என்பதைத் தனியே கேட்டாலும் கெடுதல் இல்லை. கட்சியோ சங்கமோ முழுப் பேச்சையும் தானே பதிவுசெய்து வைப்பதும் அவசியம். வெட்டிய துண்டு வெளிவந்தால் முழுமையை அன்றைக்கே காட்ட அதுதான் வழி.

எழுதிய தாளில் வராத ஒன்று எப்போதும் மேடையில் வரும். கூட்டத்தின் நடுவிலிருந்து யாராவது ஒரு பெயரைச் சொல்லி, “அவனை என்ன செய்யலாம்ணே?” என்று கத்துவார்கள். அதற்கு மேடையில் அந்த நேரத்தில் தோன்றும் பதில் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அதனால் அதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது பழக்கமுள்ள பேச்சாளர்களின் வழி: “தம்பி, அவர் பேரை விடு. உன் வலை எந்தத் தேதியில போச்சு, அதச் சொல்லு. இங்கயே எழுதிக்கிறேன்.” சொல்லிவிட்டு உண்மையிலேயே எழுதிக்கொள்ள மேடையில் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும், பக்கத்தில் அதை வாங்கி வைக்க ஒரு ஆளும் வேண்டும்.